மெமரி காட்டுக்கு மாற்றிய கேம் ஏன் திறக்க மறுக்கிறது?

செட்டிகுளத்தில் உறவினர் வீடொன்றுக்கு அண்மையில் போயிருந்தபோது, பத்தாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவன் தனது கைபேசியை என்னிடம் நீட்டினான். 32 ஜீபி கொள்ளளவுள்ள பழைய அன்ட்ரொய்ட் போன். உள்ளே ஒரு ஜீபி இடம் கூட மிச்சமில்லை. பப்ஜி கேமின் பெரிய பைலை மெமரி காட்டுக்கு மாற்றினால் இடம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்ல, அவனும் மாற்றியிருக்கிறான். அதன் பிறகு கேம் திறக்கவில்லை. முழுவதையும் மீண்டும் தரவிறக்கச் சொல்லிக் கேட்டது. அதற்குப் போதிய டேட்டா அவனிடம் இல்லை.

“அக்கா, காட்டை ஃபோர்மட் பண்ணினால் கேம் அதுக்குள்ள போகும் எண்டு யூரியூப்பில சொல்லுறாங்கள். பண்ணட்டோ?”

அந்தக் காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவனுடைய அம்மம்மாதான் பதில் சொன்னார். 2009இல் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களிடம் ஒரு படம் கூட இருக்கவில்லை. வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்கள் பழைய அல்பங்களைப் படமெடுத்து அனுப்பியவை எல்லாம் அந்த ஒரு காட்டில்தான் இருக்கின்றன. வேறு பிரதி எங்கும் இல்லை.

கேமை எத்தனை முறை வேண்டுமானாலும் தரவிறக்கலாம். அந்தப் படங்கள் போனால் போனதுதான். எனவே கேமை எப்படி மாற்றுவது என்பதோடு, எந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

கேம் தன் பைலைத் தேடும் முகவரி

பெரிய கேம்கள் பலவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நாம் நிறுவும் செயலி. மற்றையது வரைபடம், ஒலி, காட்சிகள் அடங்கிய பெரிய தரவுப் பைல். இந்தத் தரவுப் பைலின் பெயர் .obb என்று முடியும். அது இருக்க வேண்டிய இடமும் பெயரும் இப்படி அமையும்:

```
Android/obb/com.tencent.ig/main.15000.com.tencent.ig.obb
```

com.tencent.ig என்பது பப்ஜி மொபைலின் உள்பெயர். ஒவ்வொரு கேமுக்கும் இப்படியொரு பெயர் உண்டு. 15000 என்பது நான் உதாரணத்துக்கு இட்ட பதிப்பு எண். உங்கள் போனில் வேறு எண் இருக்கும். கேமுக்குள் போன பிறகு தரவிறக்கும் மேலதிக வரைபடங்கள் பெரும்பாலும் Android/data என்ற போல்டருக்குள் சேரும்.

கேம் திறக்கும்போது, போனின் உள் நினைவகத்தில் சரியாக அந்த முகவரியில், சரியாக அந்தப் பெயரில் பைல் இருக்கிறதா என்று பார்க்கிறது. மெமரி காட்டிலும் Android/obb என்ற போல்டரை உருவாக்கலாம். ஆனால் காட்டின் முகவரி வேறு. /storage என்பதற்குப் பிறகு எட்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட காட்டின் அடையாளம் வந்து, அதன் கீழேதான் அந்தப் போல்டர் இருக்கும். காட்டிலும் தேடிப் பார்க்கும்படி எழுதப்பட்ட கேம்கள் சில உண்டு. பெரும்பாலானவை தேடுவதில்லை. அவற்றைப் பொறுத்தவரை அந்தப் பைல் இல்லவே இல்லை. அதனால்தான் மீண்டும் தரவிறக்கச் சொல்கின்றன. சில கேம்கள் “Download failed because you may not have purchased this app” என்றும் காட்டும். இலவச கேமில் இதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம். தரவுப் பைல் கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

தம்பியின் போனில் நடந்ததும் இதுவே. பைல் பழுதாகவில்லை. கேம் பார்க்காத இடத்தில் இருந்தது.

அன்ட்ரொய்ட் தரும் இரண்டு வழிகள்

முதல் வழியில் ஆபத்து இல்லை. Settings > Apps சென்று கேமைத் தெரிவுசெய்து, Storage என்பதைத் திறக்கவும். அங்கே Change என்ற பொத்தான் இருந்தால் அதன் மூலம் காட்டுக்கு மாற்றலாம். பொத்தான் இல்லாவிட்டால், அந்த கேமை உருவாக்கியவர்களோ போன் தயாரிப்பாளரோ அதற்கு இடம் தரவில்லை என்று அர்த்தம். மாற்றிய பின் அதே பக்கத்தில் உள் நினைவகம் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். சில போன்களில் செயலி மட்டும் நகர்ந்து, பெரிய தரவுப் பைல் பழைய இடத்திலேயே இருந்துவிடும்.

இரண்டாவது வழி, யூரியூப்பில் தம்பி பார்த்தது. அன்ட்ரொய்ட் 6 முதல், சில போன்களில் மெமரி காட்டை உள் நினைவகத்தின் பகுதியாகவே மாற்றலாம். திரையில் Format as internal என்று வரும். இது வேலை செய்யும் வழிதான். தரவையும் காட்டுக்கு நகர்த்திய பிறகு, கேம் தேடும் அதே முகவரி காட்டில் அமைந்துவிடும்.

ஆனால் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிது. முதலாவதாக, காட்டில் உள்ள அனைத்தும் அழியும். இரண்டாவதாக, காட் மறைகுறியாக்கப்பட்டு அந்தப் போனுடன் பிணைக்கப்படும். திறப்பு அந்தப் போனுக்குள் மட்டுமே இருக்கும். காட்டைக் கழற்றி வேறு போனிலோ கணினியிலோ போட்டால் ஒன்றும் தெரியாது. போன் உடைந்தாலோ, ரீசெட் செய்தாலோ காட்டில் உள்ளவையும் அதோடு போய்விடும். ஆகவே, வெறும் புதிய காட்டில் மட்டுமே இதைச் செய்யலாம். ஒரே பிரதியாகப் படங்கள் இருக்கும் காட்டில் செய்யவே கூடாது. சாம்சுங் போன்களில் பொதுவாக இந்தத் தெரிவு இருப்பதில்லை.

இந்த வழியில் காட்டின் வேகமும் முக்கியம். காட்டின் மேல் A1 அல்லது A2 என்ற குறி இருந்தால், அது செயலிகளை ஓட்டுவதற்கான குறைந்தபட்ச வேகம் கொண்டது. அந்தக் குறி இல்லாத மலிவான காட்டில் கேம் திறந்தாலும் ஏற்றும் திரையிலேயே நீண்ட நேரம் நிற்கக்கூடும்.

காட்டைக் களஞ்சியமாகப் பயன்படுத்தல்

இந்த இரண்டு வழிகளும் பொருந்தாவிட்டால், கேமைக் காட்டிலிருந்து ஓட்ட முடியாது. ஆனால் தரவுப் பைலைக் காட்டில் சேமித்து வைத்து, வேண்டியபோது உள்ளே கொண்டுவரலாம். இதில் வரிசை முக்கியம். கேமை நீக்கினால் அதன் obb போல்டரும் சேர்ந்து அழியும். எனவே முதலில் போல்டரைக் காட்டுக்குப் பிரதி எடுத்து, இரண்டு இடங்களிலும் பைலின் அளவு ஒன்றா என்று பார்த்து, அதன் பிறகே கேமை நீக்க வேண்டும். திரும்பக் கொண்டுவரும்போது முதலில் செயலி, பிறகு போல்டர், அதன் பிறகே கேமைத் திறக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. செயலியும் தரவும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற இணையவழி கேம்கள் அடிக்கடி புதுப்பிக்கப்படுவதால், காட்டில் வைத்த பிரதி சில வாரங்களிலேயே உதவாமல் போகலாம். இணையம் இல்லாமல் ஆடும் கேம்களுக்கே இது நீண்டநாள் பயன்படும். பிளே ஸ்டோரில் 2021 ஓகஸ்ட்டின் பின் வந்த பல கேம்களில் obb போல்டரே இல்லை. தரவும் செயலிக்குள்ளேயே பல துண்டுகளாக இருக்கும். அவற்றில் ஒரு துண்டை மட்டும் நண்பரிடமிருந்து எடுத்து நிறுவினால், திறந்த உடனே மூடிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய முடியாது. பிளே ஸ்டோரில் இருந்தே எடுக்க வேண்டும்.

திறக்காவிட்டால் பார்க்க வேண்டியவை

பைலை உள்ளே கொண்டுவந்த பின்னும் கேம் திறக்காவிட்டால், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் பெயர். போல்டரின் பெயர் கேமின் உள்பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பிரதி எடுக்கும்போது பெயரின் இறுதியில் (1) என்று சேர்ந்துகொள்வதும், com.tencent.ig போல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு போல்டர் உருவாகிவிடுவதும் நான் அதிகம் கண்ட தவறுகள். பைலின் பெயரிலுள்ள பதிப்பு எண் பழையதாக இருந்தால், எண்ணை மட்டும் மாற்றி ஏமாற்ற முயல வேண்டாம். கேம் பாதியில் நின்றுபோகும்.

இரண்டாவது அளவு. பிரதி எடுக்கும்போது இடம் முடிந்தால் பைல் குறையாக நிற்கும். அளவு சரியாக இருந்தும் கேம் பாதியில் மூடினால் காட்டையே சந்தேகிக்கலாம். 128 ஜீபி என்று அச்சிட்டு, உள்ளே அதில் சிறு பங்கு மட்டுமே உள்ள போலிக் காட்டுகள் சந்தையில் உண்டு. கணினியில் H2testw என்ற இலவச மென்பொருளால் உண்மைக் கொள்ளளவை அறியலாம். ஆனால் வெறும் காட்டில் மட்டுமே அதை ஓட்டுங்கள். போலிக் காட்டில் எழுதும்போது ஏற்கெனவே உள்ள படங்கள் கெட்டுவிடலாம்.

மூன்றாவது அனுமதி. Settings > Apps இல் கேமைத் திறந்து, Permissions என்பதில் சேமிப்பகத்துக்கான அனுமதியைக் கொடுங்கள். பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பைல் சரியான இடத்தில் இருந்தும் கேம் அதை வாசிக்க முடியாமல் நிற்பது பலமுறை இதோடு தீர்ந்துவிடும்.

நான்காவது போனின் பதிப்பு. அன்ட்ரொய்ட் 11 முதல், சாதாரண பைல் மனேஜர் செயலிகள் Android/obb, Android/data போல்டர்களுக்குள் போக முடியாது. போல்டர் வெறுமையாகத் தெரியும், அல்லது ஒட்டும்போது மறுக்கும். அப்படியானால் யூஎஸ்பி வயரால் கணினியோடு இணைத்து, File transfer என்பதைத் தெரிவுசெய்து கணினி வழியாக ஒட்டிப் பாருங்கள். பல போன்களில் அந்த வழி இன்னும் திறந்திருக்கிறது.

எதைச் செய்தாலும் Clear data என்பதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். கணக்கோடு இணைக்காத கேமில் இதுவரை ஆடிச் சேர்த்ததும், தரவிறக்கிய வரைபடங்களும் அழிந்துவிடும்.

கடைசியில் இடம் கிடைத்தது

தம்பியின் போனில் கேமைத் தொடாமலே பிரச்சினை தீர்ந்தது. காட்டிலிருந்த obb போல்டரைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தோம். அதற்கு இடம் உண்டாக்க, போனை நிரப்பியது எது என்று பார்த்தபோது, வட்ஸ்அப்பில் வந்த வீடியோக்கள் மட்டும் ஆறு ஜீபி இருந்தன. அவை Android/media/com.whatsapp/WhatsApp/Media என்ற இடத்தில் சேர்கின்றன. வேண்டியவற்றைக் காட்டுக்கு மாற்றி, மற்றவற்றை அழித்தோம். மாற்றிய வீடியோக்கள் இனி வட்ஸ்அப் உரையாடலுக்குள் திறக்காது. காட்டில் திறந்து பார்க்கலாம். ஒரு வீடியோ எங்கிருந்தாலும் ஓடும். கேமின் பைல் அப்படியல்ல. இடமில்லாத போனில் முதலில் நகர்த்த வேண்டியது வீடியோக்களைத்தான்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, அம்மம்மாவின் படங்களை என் மடிக்கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் பிரதி எடுத்தோம். அந்த வேலைக்குப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை. பென்டிரைவை அவர் அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் வைக்கும் உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டார்.