மார்க்கோ போலோ கண்ட பாண்டிய நாடு: அயலார் குறிப்பை அளந்து கொள்ளும் முறை

வெனிசு நகர வணிகரான மார்க்கோ போலோ, சீனத்திலிருந்து கடல்வழியாகத் தாயகம் திரும்பும்போது, ஏறத்தாழ 1292, 1293ஆம் ஆண்டுகளில் தமிழகக் கடற்கரையைத் தொட்டுச் சென்றார். அரபு வணிகரைப் பின்பற்றி அவர் மாபார் என்று குறிப்பிடுவது அக்காலப் பாண்டியப் பேரரசின் நிலப்பகுதியையே. அங்கிருந்த அரசர் ஒருவரைப் பற்றி அவர் ஒரு செய்தி தருகிறார். அவ்வரசர் பட்டு நூலில் கோத்த நூற்று நான்கு பெரிய முத்துகளும் மாணிக்கங்களும் கொண்ட மாலையைக் கழுத்தில் அணிந்திருந்தார். நாள்தோறும் தம் கடவுளரை நோக்கி நூற்று நான்கு முறை செபிக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்பது அச்செய்தி.

செபமாலை உருட்டும் வழக்கமுடைய எவரும் இவ்விடத்தில் சற்றுத் தயங்குவர். நம் நாட்டில் மாலையின் மணிகள் 108. சைவர்க்கும் வைணவர்க்கும் அதுவே கணக்கு. நம் சமயத்தில் அருகரின் குணங்கள் 12, சித்தரின் குணங்கள் 8, ஆசாரியரின் குணங்கள் 36, உபாத்தியாயரின் குணங்கள் 25, சாதுக்களின் குணங்கள் 27 எனப் பஞ்ச பரமேட்டிகளின் குணங்களைக் கூட்டினாலும் 108 ஆகிறது. அவ்வாறாயின் 104 என்பது எங்கிருந்து வந்தது? போலோ தவறாகக் கேட்டிருக்கலாம், மறந்திருக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. அக்காலத்து ஐரோப்பியர் எண்களை ரோமன் இலக்கங்களில் எழுதினர். 108 என்பதில் ஐந்தைக் குறிக்கும் குறியை, ஏடு பெயர்த்தெழுதுவோர் ஒன்றெனப் படித்துவிட்டால் அது 104 ஆகிவிடும்.

இச்சிறு பிழை ஓர் உண்மையை உணர்த்துகிறது. போலோவின் எண் தவறானது. ஆனால் அவர் கண்டதோ கேட்டதோ ஆன பொருள் மெய்யானது. எண்ணிச் செபிக்கும் வழக்கத்தை அறியாத ஒருவர் இதனைக் கற்பனையால் புனைந்திருக்க இயலாது. அயல்நாட்டார் குறிப்பு ஒவ்வொன்றிலும் இவ்வாறே, எது அவர் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது, எது இடையில் வந்த கைகளால் மாறியது என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

இடையில் வந்த கைகள் பல. போலோ தம் பயணத்தைத் தாமே எழுதவில்லை. ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபோது, 1298இல், உடன் சிறைப்பட்டிருந்த ருஸ்திகெல்லோ என்பவரிடம் கூறினார். அவர் வீரக் கதைகள் எழுதிப் பழகியவர். மூல ஏடு இன்று இல்லை. பல மொழிகளில் பெயர்த்தெழுதப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஏடுகளே எஞ்சியுள்ளன. அவை தம்முள் வேறுபடுகின்றன.

இனி அவர் பாண்டிய அரசைப் பற்றிக் கூறுவனவற்றுள் இரண்டை எடுத்து அளந்து பார்ப்போம்.

முதலாவது, மாபாரை ஐந்து அரசர் ஆள்கின்றனர், அவ்வைவரும் உடன்பிறந்தோர் என்பது. சுந்தர பாண்டியத் தேவர் என்று அறியத்தக்க பெயரையும் அவர் தருகிறார். ஒரு நாட்டுக்கு ஐந்து அரசரா என்று முதலில் ஐயம் எழும். ஆனால் கல்வெட்டுகள் அவருக்கு ஆதரவாகவே நிற்கின்றன. 1268இல் ஆட்சி ஏறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனின் ஆட்சியாண்டுகள் தொடர்ந்து எண்ணப்பட்டுவரும் காலத்திலேயே, சடையவர்மன் சுந்தர பாண்டியன், சடையவர்மன் வீர பாண்டியன் முதலியோரின் ஆட்சியாண்டுகளும் வேறு கோயிற் கற்களில் எண்ணப்பட்டுள்ளன. ஒரே காலத்தில் பாண்டியர் பலர் முடி சூடி ஆண்டமை இதனால் உறுதியாகிறது.

எனினும் ஐவர் என்ற எண்ணை அப்படியே கொள்ளுதல் ஆகாது. பஞ்சவர் என்பது பாண்டியர்க்குப் பழம்பெயர். போலோவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, முதற் குலோத்துங்க சோழன் பாண்டியர் ஐவரை வென்றதாக அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. ஆகவே துறைமுகத்தில் யாரோ பாண்டியரைப் பஞ்சவர் என்று வழங்கக் கேட்டு, போலோ அதனைத் தலைகளின் எண்ணிக்கையாகக் கொண்டிருக்கலாம். பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப், சுந்தர பாண்டியனுக்கு மூன்று உடன்பிறந்தார் இருந்தனர் என்று வேறு கணக்குச் சொல்கிறார். எனவே கூட்டாட்சி என்பது நிலைபெற்ற செய்தி. ஐவர் என்ற எண்ணும், அவர்கள் ஒரு தாய் வயிற்றுப் பிறந்தோர் என்பதும் நிலைபெறாதவை.

இரண்டாவது, குதிரை வணிகம். மாபார் அரசர் ஒருவர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறார், அவருடைய நான்கு உடன்பிறந்தாரும் அவ்வாறே விரும்புகின்றனர் என்கிறார் போலோ. ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லையாம். இந்நாட்டார்க்குக் குதிரை பேணத் தெரியாதாம். குதிரை மருத்துவரும் இலாடம் அடிப்போரும் இல்லையாம். அத்தகையோர் இங்கு வந்தால் விற்பனை குறையும் என்று ஓர்முசு, கீசு முதலிய துறைகளின் வணிகர்களே அவர்களைத் தடுத்து விடுகின்றனராம்.

போலோவின் கணக்கைக் கூட்டினால் ஐவர்க்கும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை ஆகிறது. வாசாஃபும் பத்தாயிரம் என்றே எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை இருநூற்று இருபது தீனார் என்றும் குறிக்கிறார். இரு சாட்சிகள் ஒன்றுபட்டனர் என்று மகிழ்வதற்குமுன் இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். வாசாஃபின் பத்தாயிரம் மாபாருக்கு மட்டும் உரியதா? அன்று. மாபார், குசராத்தின் காம்பே, அவற்றை அடுத்த துறைகள் அனைத்துக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை அது. கீசுத் தீவின் தலைவர் மாபாருக்கு அனுப்ப உடன்பட்ட குதிரைகள் ஆயிரத்து நானூறு என்று அவரே வேறாகக் கூறுகிறார். இரண்டாவது வினா, இருவர்க்கும் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பது. வாசாஃப் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். பாரசீக வளைகுடா வணிகர் சொன்னதை எழுதினார். போலோவுக்கும் வழித்துணை அவ்வணிகர் வட்டமே. ஒரே கிணற்றில் முகந்த இரு குடங்களை இரு கிணறுகள் என்று எண்ணுதல் கூடாது.

குதிரைகள் சாவது பற்றிய செய்தியிலும் இவ்வேறுபாடு உண்டு. வறண்ட அரபு நிலத்துக் குதிரைகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நலிந்தன என்பது நம்பத்தக்கது. திரும்பத் திரும்ப வாங்கியமைக்கு அது பொருத்தமான காரணமும் ஆகும். ஆனால் குதிரைக்குச் சோறும் வேகவைத்த இறைச்சியும் ஊட்டினர் என்று போலோ சொல்ல, வாசாஃபோ வறுத்த வாற்கோதுமை, நெய்யிட்ட தானியம், காய்ச்சிய பால் என்கிறார். உணவு மாறுகிறது, இந்நாட்டார் அறியாதார் என்ற முடிபு மட்டும் மாறவில்லை. விற்போர்க்கு ஏற்ற கதை அது. தாம் விற்ற குதிரை இறந்தது வாங்கியவரின் அறியாமையால் என்று சொல்வது எந்தக் காலத்து வணிகர்க்கும் எளிது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் என்ற வணிகக் குழுவினரைக் காண்கிறோம். குதிரையை அறிந்தோரே இல்லாத நாடு அன்று இது.

மேலே கூறிய முறையை நமக்கு மிக நெருக்கமான ஒரு பகுதியிலும் தளராது கைக்கொள்ள வேண்டும். போலோ துறவியர் சிலரைப் பற்றிக் கூறுகிறார். அவர்கள் ஆடையின்றி இருப்பர். உலகப் பொருள் எதனையும் விரும்பாதவர் ஆதலின் ஆடையும் வேண்டா என்பர். ஈ, தெள்ளு, பேன் ஆகியவற்றையும் கொல்லார். பசுமையான கீரையும் கிழங்கும் உயிருடையன என்பதால், உலர்ந்த பின்னரே உண்பர். தரையில் படுப்பர். இதனைப் படிக்கும் நம்மவர் எவரும், இவர் திகம்பர முனிவரையே கண்டார் என்று கூறுவர். பசிய இலையிலும் ஓரறிவுயிர் உண்டு, அதற்கும் ஊறு செய்யலாகாது என்று ஒழுகுதல் நம் அறத்தின் தனி அடையாளம் அல்லவா?

ஆனால் அதே பகுதியை முழுதும் படித்தல் வேண்டும். அத்துறவியரை அவர் சமணர் என்றோ நிர்க்கந்தர் என்றோ அழைக்கவில்லை. யோகி என்பதன் திரிபான சொல்லால் அழைக்கிறார். அவர்கள் காளையை வழிபட்டு, அதன் சிற்றுருவை நெற்றியில் கட்டிக்கொள்வர். சாணத்தைச் சுட்டுப் பூசுவர். பாதரசமும் கந்தகமும் கலந்த மருந்தை உண்டு நூற்றைம்பது, இருநூறு ஆண்டு வாழ்வர் என்கிறார். நீறும் காளையும் இரசவாதமும் சைவ யோகியர்க்கு உரியவை. மேலும், அவர்கள் உலர்ந்த இலையில் உணவிட்டு உண்பர் என்கிறார். திகம்பர முனிவரோ உண்கலம் எதுவும் இன்றி, நின்ற நிலையில், இரு கைகளையும் ஏந்தி, நாளுக்கு ஒருமுறை உண்பவர். எந்நேரமும் கையில் இருக்கும் மயிற்பீலியைப் போலோ குறிக்கவேயில்லை. நேரில் அருகிருந்து கண்டவர் அதனைத் தவறவிட்டிருத்தல் அரிது.

ஆகவே இரு வேறு துறவு நெறிகள் பற்றிக் கேட்டவற்றை ஒரே உருவத்தில் ஏற்றிவிட்டார் என்று கொள்வதே பொருந்தும். நிர்வாணம் இரு சாராரிடமும் காணப்படுவதால் அந்த மயக்கம் எழுந்திருக்கலாம். இதற்கு மேல் இடம் பற்றிய தடையும் உண்டு. இப்பகுதி மாபாரைப் பற்றியது அன்று. இலார் என்னும் நாட்டைப் பற்றியது. இலாட நாடு தென் குசராத்தின் பழம்பெயர். போலோ அதனை மயிலையிலுள்ள தோமையர் கல்லறைக்கு மேற்கே வைத்துக் குழப்புகிறார். பொய் கூறாத, ஊன் உண்ணாத வணிகர்கள் அந்நாட்டில் உள்ளனர் என்று அவர் புகழ்வதும் குசராத்து வணிகர்க்கே பொருந்தும். அவர்களுள் சமணர் பலர் இருந்திருத்தல் கூடும். ஆயினும் அவர் அவர்களை அந்தணர் என்று அழைத்து, தோளில் நூல் அணிவர் என்றும் சொல்வதால், அங்கும் இரு கூட்டத்தார் கலந்துள்ளனர்.

இதனால் நாம் பெறுவது என்ன? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், ஓரறிவுயிரையும் பேணும் சமண ஒழுக்கம் கடல் வணிகர் வாயிலாக ஒரு வெனிசியர் செவிவரை எட்டியிருந்தது என்பது உறுதி. பாண்டிய நாட்டில் அவர் திகம்பர முனிவரைக் கண்டார் என்பது உறுதியன்று. நம் ஊர்க் கோயில் வரலாறு எழுதுவோர் முன்னதை எழுதலாம்; பின்னதை எழுதலாகாது.

மறுபுறம், போலோ தமிழகப் பள்ளிகளைச் சொல்லாமையால் அந்நாளில் இங்குச் சமணம் இல்லை என்று எவரேனும் வாதிப்பாராயின், அதுவும் நில்லாது. அவர் கண்டவை துறைமுகங்கள். கேட்டவை முத்து, குதிரை, விலை. நம் பள்ளிகளோ பெரும்பாலும் உள்நாட்டுக் குன்றுகளிலும் வயல்சூழ் ஊர்களிலும் இருந்தன. அவர் வருகைக்கு நூறு ஆண்டுகள் முன்பின்னாகவே பவணந்தி முனிவர் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றினார். அந்நூல் போலோவின் வாய்ச்சொல்லை எதிர்பார்த்து நிற்கவில்லை. கண்டவர் சென்ற வழி எது என்று கேளாமல் அவருடைய மௌனத்தைச் சான்றாக்குவதும், அவருடைய புகழ்ச்சியை அளவாமல் ஏற்பதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள்.