ஒரே இரவு பத்து மணி, இரண்டு தேதிகள்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சிங்கப்பூர்வரை

2024 டிசம்பர் 30, திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-60 ஏவுகலம், ஸ்பேடெக்ஸ் இணைப்புச் சோதனைக்கான இரு செயற்கைக்கோள்களுடன் புறப்பட்டது. ஏவுதளம் நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, அது அம்மாவட்டத்திற்குள் வந்தது. ஆகவே அந்நிகழ்வு திருப்பதி மாவட்டத்தில் டிசம்பர் 30இல் நடந்தது. அதே நொடியில் சிங்கப்பூரில் டிசம்பர் 31 பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதைக் கண்டறியும் கணக்கு எளிது. நள்ளிரவுக்கு இங்கே எவ்வளவு நேரம் மீதமுள்ளது என்று பார்க்க வேண்டும். மற்ற நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட அவ்வளவு நேரமோ அதற்கு மேலோ முன்னால் ஓடினால், அங்கே மறுநாள் தொடங்கிவிட்டது. அன்று மீதமிருந்தது இரண்டு மணி நேரம். சிங்கப்பூரும் மலேசியாவும் இரண்டரை மணி நேரம் முந்தியவை. எனவே அங்கே 31. தாய்லாந்து ஒன்றரை மணி நேரமே முந்தியது. பாங்காக்கில் இரவு 11.30, தேதி 30. அந்த நொடியில் இரு தேதிகளுக்கிடையிலான எல்லை தாய்லாந்து–மலேசிய எல்லைக்கோட்டின் மீது கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆனால் இக்கணக்கில் மாறாதது கழித்தல் முறை மட்டுமே. கழிக்கப்படும் எண் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1902ஆம் ஆண்டில் ரேணிகுண்டா நிலையத்துக் கடிகாரம் மதராஸ் நேரத்தைக் காட்டியது. அது கிரீன்விச் நேரத்தைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியது. சிங்கப்பூரின் உள்ளூர் நேரம் ஏறத்தாழ 6 மணி 55 நிமிடம் முந்தியது. எனவே ரேணிகுண்டாவில் இரவு பத்து என்றால் சிங்கப்பூரில் 11.34, இரு ஊர்களிலும் ஒரே தேதி. 1905இல் சிங்கப்பூர் ஏழு மணி நேரக் கணக்கிற்கு மாறியது. 1906இல் இந்திய ரயில்வே ஐந்தரை மணி நேரக் கணக்கிற்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர் அங்கே டோக்கியோ நேரத்தைப் புகுத்தினர். 1945இல் ஏழரை மணி நேரக் கணக்கு திரும்பியது. அதன்பின் 1981 முடியும்வரை இந்திய இரவு பத்து மணி, சிங்கப்பூரில் சரியாக நள்ளிரவு. 1982 பிறந்தபோது, மலேசியத் தீபகற்பம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் உடன் சென்றது. பூமியின் சுழற்சியில் எம்மாற்றமும் இல்லை. அதே இரவு பத்து மணிக்குரிய சிங்கப்பூர்த் தேதி முதலில் முந்தைய நாளிலும், பிறகு இரு நாள்களின் விளிம்பிலும், இறுதியில் மறுநாளிலும் விழுந்தது.

கடிகார முள்ளை மட்டும் நம்புவோர் ஏமாறும் இடம் பசிபிக். ஏவுகலம் எழுந்த வேளையில் சமோவாவின் தலைநகர் ஆபியாவில் காலை 5.30. அருகிலுள்ள அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோவிலும் காலை 5.30. ஆபியாவில் தேதி 31, பாகோ பாகோவில் 30. ஆஸ்திரேலியாவுடனும் நியூசிலாந்துடனும் வணிக நாள்கள் ஒத்திருக்க வேண்டுமென்று சமோவா 2011இல் தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவியது; அதற்காக அந்நாடு நாட்காட்டியிலிருந்து நீக்கிய நாளும் டிசம்பர் 30தான். அதற்கு முந்தைய நேரப் பட்டியலை வைத்துக் கணக்கிடுபவருக்கு மணி சரியாகவே கிடைக்கக்கூடும், தேதி ஒரு நாள் பிழைபடும். ஆகவே கிரீன்விச்சிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதோடு, முன்னா பின்னா என்பதையும் பார்க்க வேண்டும்: ஆபியா 13 மணி முன், பாகோ பாகோ 11 மணி பின். இரண்டிற்கும் இடைவெளி சரியாக 24 மணி.

பஞ்சாங்கம் இந்தத் தகராறில் சிக்குவதில்லை, அல்லது வேறு விதமாகச் சிக்குகிறது. அதன் கிழமை சூரிய உதயத்தில் மாறும். அன்று மார்கழி 15. சிங்கப்பூரில் அச்சிட்ட தேதி செவ்வாய்க்குச் சென்ற பின்னும், அங்குள்ள தமிழருக்குப் பஞ்சாங்கப்படி பொழுது விடியும்வரை திங்களும் மார்கழி 15உமே. ‘விடிந்தால் செவ்வாய்’ என்னும் பேச்சுவழக்கில் இக்கணக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. சித்தூர்ப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோர் ‘தெல்லவாரிதே’ என்பதும் இதே பொருளில்தான்.

ஏவுதளத்தின் பதிவேட்டிலேயே எதிர்த்திசை உதாரணமும் உண்டு. ஒன்வெப் நிறுவனத்தின் 36 செயற்கைக்கோள்களைச் சுமந்த எல்.வி.எம்-3 ஏவுகலம் 2022 அக்டோபர் 23, நள்ளிரவு கடந்து 12.07க்குப் புறப்பட்டது. கிரீன்விச் நேரத்தில் அது அக்டோபர் 22, மாலை 6.37. ஒன்வெப்பின் தலைமையகம் இருந்த லண்டனில் கோடைகால நேரப்படி மாலை 7.37, தேதி 22. இந்தியச் செய்தித்தாளை மேற்கோள் காட்டும் ஆய்வேடு 23 என்றும், கிரீன்விச் நேரத்தில் தொகுக்கப்பட்ட ஏவுதல் பட்டியலைப் பின்பற்றும் ஆய்வேடு 22 என்றும் எழுதும். தேதிக்குப் பக்கத்தில் எந்த நேரக் கணக்கு என்ற குறிப்பு இல்லாவிட்டால், இவ்விரண்டில் ஒன்றைப் பிழையென்று திருத்திவிடும் பதிப்பாசிரியர் எப்படியும் வந்து சேர்வார்.