மருந்து நுழையாத சுரப்பி: நாள்பட்ட பாக்டீரியா புராஸ்டேட் அழற்சியும் நீண்ட சிகிச்சையின் வரலாறும்

சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டவருக்குக் காய்ச்சலும் எரிச்சலும் அடங்குகின்றன. கல்ச்சர் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்றே வருகிறது. இரண்டு மாதம் கழித்து அதே எரிச்சல், அதே இ.கோலி. மறுபடி மாத்திரை, மறுபடி நிம்மதி, மறுபடி தொற்று. நாள்பட்ட பாக்டீரியா புராஸ்டேட் அழற்சி பெரும்பாலும் இந்தச் சுழற்சியாகத்தான் வெளிப்படுகிறது. சிறுநீரில் கிருமி இல்லாத இடைக்காலத்தில் அது எங்கே இருந்தது, மருந்து ஏன் அங்கே போகவில்லை என்ற கேள்விகளுக்கு 1960களின் இறுதியில்தான் முறையான விடை தேடப்பட்டது. அந்தத் தேடலில் இரண்டு இழைகள் உண்டு. எந்த மருந்து என்பது ஒன்று, எத்தனை நாள் என்பது மற்றொன்று. முதலாவதற்கு வேதியியல் விடை தந்தது. இரண்டாவதற்கு விடை, திரும்பத் திரும்ப வந்த நோயாளிகளிடமிருந்தே கிடைத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த நோயின் சிகிச்சை இன்றும் பலருக்கும் புதிராக இருக்கிறது என்பது என் கருத்து.

கிருமியின் இருப்பிடத்தைக் காட்டியது 1968இல் எட்வின் மியர்ஸ், தாமஸ் ஸ்டேமி இருவரும் வெளியிட்ட நான்கு குப்பிச் சோதனை. நோயாளி முதலில் கழிக்கும் ஐந்து முதல் பத்து மில்லி லிட்டர் சிறுநீர் ஒரு குப்பியில் சேகரிக்கப்படும். அதில் இருப்பது சிறுநீர்க் குழாயின் கிருமி. பிறகு ஏறத்தாழ 200 மில்லி லிட்டர் போன பின், நடுச் சிறுநீர் இரண்டாம் குப்பிக்கு வரும். அது சிறுநீர்ப்பையின் நிலையைச் சொல்லும். அடுத்து மருத்துவர் மலக்குடல் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்தி நீவ, ஆண்குறியின் நுனியில் கசியும் சில துளிகள் மூன்றாம் குப்பிக்கு. நீவிய உடனே கழிக்கும் சிறுநீரின் முதல் பத்து மில்லி லிட்டர் நான்காம் குப்பிக்கு.

ஒருவரின் முடிவுகள் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் குப்பியில் ஒரு மில்லி லிட்டருக்கு 200 கிருமிகள், இரண்டாவதில் 100, சுரப்பி நீரில் 8,000, நீவிய பின் வந்த சிறுநீரில் 2,500. கடைசி இரண்டும் முதல் குப்பியைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருக்கின்றன. கிருமி புராஸ்டேட்டில்தான் இருக்கிறது என்று சொல்ல இந்த வேறுபாடு போதும். எண்ணிக்கை தனியாகப் பெரிதா சிறிதா என்பது இங்கே முக்கியமில்லை. குப்பிகளுக்கு இடையே உள்ள விகிதம்தான் பேசுகிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. சிறுநீர்ப்பையிலேயே தொற்று இருந்தால் நான்கு குப்பிகளிலும் கிருமி நிறைந்து, விகிதம் மறைந்துவிடும். ஆகவே முதலில் இரண்டு மூன்று நாள் நைட்ரோபுரான்டோயின் போன்ற மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சுத்தப்படுத்துவார்கள். சிறுநீரைச் சுத்தம் செய்து புராஸ்டேட்டைத் தொடாமல் விடும் மருந்து என்பதாலேயே அது இந்த வேலைக்கு ஏற்றதாயிற்று. சோதனைக்கு உதவும் இந்தக் குணமே சிகிச்சையில் தோல்வியாகிறது. நம் நோயாளிக்கு ஏழு நாள் மாத்திரை செய்ததும் இதைத்தான்.

மருந்து ஏன் நுழைவதில்லை? அதே 1968இல் வின்னிங்ஹாம், நெமாய், ஸ்டேமி மூவரும் ‘நேச்சர்’ இதழில் நாய்களில் செய்த ஆய்வை வெளியிட்டனர். அவர்களுக்கு முன்பே, 1939இல், சார்லஸ் ஹக்கின்ஸ் நாயின் புராஸ்டேட் நீரைச் சிறுநீர் கலக்காமல் தனியே சேகரிக்க வழி கண்டிருந்தார். பைலோகார்ப்பின் ஊசி போட்டால் சுரப்பி நீர் பெருகும். ஒரு பக்கம் ரத்தத்தில் மருந்தை ஏற்றி, மறுபக்கம் அந்த நீரில் அது எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்தார்கள். அன்று பரவலாகப் புழங்கிய பெனிசிலின் வகை மருந்துகள் ஏறக்குறைய வரவே இல்லை. எரித்ரோமைசினும் ஒலியாண்டோமைசினும் ரத்தத்தைவிடச் சுரப்பி நீரில் அதிகமாகச் சேர்ந்தன. ஆனால் இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் இ.கோலி போன்ற கிருமிகளிடம் அவற்றுக்கு வலு போதாது. நுழையும் மருந்து கொல்லவில்லை, கொல்லும் மருந்து நுழையவில்லை.

சுரப்பியின் உட்சுவரை மூடியிருக்கும் எபிதீலியல் செல்கள் நெருக்கமாக இணைந்தவை. அவற்றைக் கடக்க வேண்டுமானால் மருந்து கொழுப்பில் கரைய வேண்டும், ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளாமல் விடுபட்டிருக்க வேண்டும், மின்னூட்டம் இல்லாத நிலையில் இருக்க வேண்டும். மின்னூட்டம் ஏறிய மூலக்கூறுக்குக் கொழுப்புச் சவ்வு வழிவிடாது. ஒரு மூலக்கூறு மின்னூட்டம் பெறுமா என்பதை அது இருக்கும் நீரின் பிஹெச் அளவு தீர்மானிக்கிறது. ரத்தத்தின் பிஹெச் 7.4, நாயின் புராஸ்டேட் நீர் சற்று அமிலமாக 6.4 அளவில் இருந்தது. காரக் குணமுள்ள மருந்து ரத்தத்திலிருந்து மின்னூட்டமின்றி உள்ளே வருகிறது. அமில நீரை அடைந்ததும் மின்னூட்டம் பெற்றுத் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. பெனிசிலின் போன்ற அமில மருந்துக்கு நிலைமை நேர் எதிர். ரத்தத்திலேயே அது மின்னூட்டத்தோடு நிற்பதால், கணக்கின்படி பார்த்தால் சுரப்பி நீரில் ரத்த அளவின் பத்தில் ஒரு பங்குதான் சேர முடியும்.

இந்தக் கணக்கிற்குப் பொருத்தமாக வந்தது ட்ரைமெத்தோபிரிம். கொழுப்பில் கரையும், காரக் குணம் கொண்டது, இ.கோலியைக் கொல்லும். நாயின் புராஸ்டேட் நீரில் அது சேர்வதை 1970இல் ரீவ்ஸ், கில்ச்சிக் இருவரும் காட்டினார்கள். அதன் அயனியாக்க அளவை 7.4 என்று எடுத்துக்கொண்டு போட்டுப் பார்க்கலாம். ரத்தத்தில் அதில் பாதி மின்னூட்டமில்லாமல் இருக்கும். 6.4 பிஹெச் உள்ள நீரில் பதினொன்றில் ஒரு பங்குதான் அப்படி இருக்கும். மின்னூட்டமில்லாத பங்கு சவ்வின் இருபுறமும் சமமாகும் வரை மருந்து நகர்ந்தால், சுரப்பி நீரில் மொத்த அளவு ரத்தத்தைப் போல ஐந்தரை மடங்காக வேண்டும். ட்ரைமெத்தோபிரிம் கடைகளில் சல்பாமெத்தாக்சசோலுடன் ஒரே மாத்திரையாகத்தான் பெரும்பாலும் கிடைத்தது. சல்பாமெத்தாக்சசோல் அமில மருந்து. ஆக, விழுங்கிய மாத்திரையின் ஒரு பகுதி மட்டுமே சுரப்பிக்குள் சேரக்கூடியது.

நாயில் கண்ட இந்த அழகான கணக்கு மனிதரிடம் முழுதாகப் பலிக்கவில்லை. மியர்ஸ் 1975இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரம் வரை இந்தக் கூட்டு மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்குத்தான் நிலையாகக் குணமானார்கள். காரணத்தில் ஒரு பகுதி 1978இல் தெரியவந்தது. பேர், கார்டோனியர் இருவரும் அமெரிக்காவிலும், பபாவ் குழுவினர் இஸ்ரேலிலும் தனித்தனியாக அளந்தபோது, நோயுற்ற மனிதரின் புராஸ்டேட் நீர் அமிலமாக இல்லை. பிஹெச் 8-ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் காரமாக மாறியிருந்தது. அதே கணக்கை 8 என்று வைத்துப் போட்டால் ட்ரைமெத்தோபிரிம் ஐந்தரை மடங்கிலிருந்து ரத்த அளவின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்கிவிடுகிறது. நாய்ச் சோதனை சொன்ன விதி சரிதான். ஆனால் அது நோயில்லாத நாயின் நீரில் அளந்த விதி. மருந்தை உள்ளே சிறைப்பிடித்திருக்க வேண்டிய அமிலத்தை நோயே இல்லாமல் ஆக்கிவிட்டிருந்தது.

இந்த இடத்தில்தான் 1980களில் புளோரோகுவினோலோன்கள் வந்தன. நார்ப்ளாக்சசினும் சிப்ரோப்ளாக்சசினும் ஒரே மூலக்கூறில் ஒரு அமில முனையையும் ஒரு கார முனையையும் சுமப்பவை. நீர் அமிலமானாலும் காரமானாலும் அவற்றில் ஓரளவு உள்ளே நுழையக்கூடிய நிலையில் இருக்கும். மருந்து சிறுநீரில் மட்டுமின்றிப் புராஸ்டேட் திசுவிலும் நல்ல அளவில் காணப்பட்டது. ஆனால் அந்த அளவீடுகளில் பல, வீங்கிய புராஸ்டேட்டை அறுவை செய்து எடுத்த துண்டுகளில் செய்யப்பட்டவை. அந்தத் துண்டுகளில் ரத்தமும் சிறுநீரும் கலந்திருக்கும். தொற்று அதிகம் தங்கும் சுரப்பியின் வெளிப் பகுதியிலிருந்து அவை வருவதும் இல்லை. ‘திசு அளவு’ என்று ஒரு எண்ணை வாசிக்கும்போது அது எந்தத் திசு என்று கேட்பது அவசியம்.

2003இல் பன்ட்ரிக் குழுவினர் லெவோப்ளாக்சசின் 500 மில்லி கிராமை நாளைக்கு ஒரு வேளையும் சிப்ரோப்ளாக்சசின் 500 மில்லி கிராமை இரு வேளையும் இருபத்தெட்டு நாள் கொடுத்து ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குக் கிருமி நீங்கியது. ட்ரைமெத்தோபிரிம் கூட்டுக்குக் கிடைத்ததைவிட இது மிக நல்ல பலன். ஆனால் மருந்து நன்றாகவே நுழைந்தும் கால்வாசிப் பேருக்குக் கிருமி தங்கிவிட்டது. நுழைவதே எல்லாம் என்றால் இப்படி ஆகக் கூடாது.

இங்கேதான் நாள் கணக்கு என்ற இரண்டாம் இழை வருகிறது. புராஸ்டேட்டின் நுண்குழாய்களில் கிருமிகள் தனித்தனியாக மிதப்பதில்லை. கனடாவில் கர்டிஸ் நிக்கலும் வில்லியம் காஸ்டர்டனும் 1990களின் தொடக்கத்தில் விலங்குகளிலும் நோயாளிகளின் திசு மாதிரிகளிலும் இதைக் காட்டினர். கிருமிகள் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த பசைப் படலத்துக்குள் சிறு சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. அந்தப் படலத்தின் உட்பகுதியில் உள்ளவை மெதுவாகப் பெருகுகின்றன. வளர்ந்து பிரியும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு, அசையாமல் கிடக்கும் கிருமி எளிதில் சிக்குவதில்லை. சீழ்ச் செல்களால் அடைபட்ட குழாயின் முனைக்கு மருந்து சிறிது சிறிதாகவே எட்டுகிறது. சுரப்பி நீரில் கிருமியே இல்லை என்று கல்ச்சர் சொல்லும் நாளிலும் திசுவுக்குள் கூட்டம் இருக்கலாம். ஆகவேதான் நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இந்த எண்ணை எந்தச் சூத்திரமும் கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் நிறுத்தியவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே போன எண் இது.

அதே அனுபவம் எதிர்ப்பக்கமும் எச்சரிக்கிறது. புளோரோகுவினோலோன்களால் தசைநார் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. குதிகால் நாணில் வலி கண்டவர் அன்றே மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். இந்திய நகரங்களில் இ.கோலி இந்த மருந்துகளுக்குப் பரவலாக எதிர்ப்புப் பெற்றிருக்கிறது. எதிர்ப்புள்ள கிருமிக்கு ஆறு வாரம் மாத்திரை கொடுத்தால் எதிர்ப்பு வளரும், நோய் போகாது. கல்ச்சரும் மருந்து உணர்திறன் பரிசோதனையும் இல்லாமல் நீண்ட சிகிச்சையைத் தொடங்குவது தவறு. வேறு வழியில்லாத இடத்தில், புராஸ்டேட்டுக்குள் போதிய அளவு நுழைவதாக அண்மையில் அறியப்பட்ட பாஸ்போமைசினை மருத்துவர்கள் எடுக்கிறார்கள்.

மேலே சொன்ன நோயாளிக்கே வருவோம். உணர்திறன் பார்த்து லெவோப்ளாக்சசின் ஆறு வாரம் கொடுக்கப்பட்டது என்று கொள்வோம். எரிச்சல் முதல் வாரத்திலேயே போய்விடும், ஆனால் அது குணமானதற்குச் சான்றல்ல. சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்தும், மறுபடி ஆறு மாதத்திலும் நீவிய பின் எடுக்கும் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். மூன்றாம் மாதம் அதே வகை இ.கோலி அதே உணர்திறனோடு திரும்பி வந்தால், புதிய தொற்று என்று எடுத்துக்கொள்ளும் முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சுரப்பிக்குள் வெண்புள்ளிகளாகக் கற்கள் தெரியக்கூடும். கல்லுக்குள் ஒடுங்கிய கிருமியை எந்த மாத்திரையும் எட்டுவதில்லை. அப்போது எஞ்சுவது, குறைந்த அளவு மருந்தைப் பல மாதம் தொடர்ந்து கொடுத்துக் கிருமி சிறுநீர்ப்பைக்குப் பரவாமல் காப்பது, அல்லது கற்கள் இருக்கும் பகுதியை அறுவை செய்து சுரண்டி எடுப்பது.