மருத்துவர் அறிமுகக் குறிப்பு

மருத்துவர் அறிமுகக் குறிப்பு என்பது ஒரு மருத்துவரின் பெயர், பட்டம், சிறப்புத் துறை, பேசும் மொழிகள், நோயாளிகளைப் பார்க்கும் நாள் ஆகியவற்றை மருத்துவமனை அறிவிக்கும் சுருக்கமான பதிவு. தலைப்பில் பெயரும் துறையும் ஊரும், விளக்கத்தில் மற்றவையும் இடம்பெறும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, ஒரு துறையில் தனித் தகுதி பெறாதவர் தம்மை அத்துறையின் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. எம்.பி.பி.எஸ். மட்டும் படித்தவரின் பெயருக்குக் கீழே ‘சர்க்கரை நோய் நிபுணர்’ என்று எழுதுவது இவ்விதிக்கு முரண். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைச் சேர்த்தால் தகுதியைச் சரிபார்க்க முடியும்.

ஈரோடு மாவட்டத்தின் சத்தியமங்கலத்து மருத்துவமனைகளின் குறிப்பில் மொழிக்குத் தனி இடம் உண்டு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வரும் தாளவாடிப் பகுதியில் கன்னடம் பேசுவோர் மிகுதி. ‘தமிழ், கன்னடம்’ என்ற குறிப்பு, வலியைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்பதை அவர்களுக்கு முன்பே தெரிவிக்கிறது. ஓரிரு சொற்கள் மட்டும் அறிந்த மொழியைப் பட்டியலில் சேர்ப்பது தவறு.

வெளியூரிலிருந்து வந்துபோகும் மருத்துவருக்கு ‘வாரம் இருமுறை’ என்று எழுதுவது போதாது. ‘செவ்வாய், வெள்ளி, காலை 10 முதல் 1 வரை’ என்பதே பயன்படும் வடிவம். நாள் மாறியும் குறிப்பு மாறாவிட்டால், மலையிலிருந்து இறங்கி வந்தவர் மருத்துவரைப் பார்க்காமலே திரும்ப நேரும். எனவே விடுப்பையும் நாள் மாற்றத்தையும் அன்றன்றே திருத்த வேண்டும்.