பம்பாய்ப் பங்கு மோகம் (1861–1865): சந்தையில் மந்தை மனநிலை

சந்தையில் ஒருவர் வாங்குவதைப் பார்த்து மற்றவர் வாங்குவதும், ஒருவர் விற்பதைப் பார்த்து மற்றவர் விற்பதும் மந்தை மனநிலை எனப்படும். இந்தியாவில் இதற்கு மிகத் தெளிவான பழைய எடுத்துக்காட்டு, பருத்தியால் பம்பாய் நகரில் எழுந்து அடங்கிய பங்கு மோகமாகும்.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்குப் பருத்தி வருவது தடைபட்டது. ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. அதன் விலை பல மடங்கு உயர்ந்தது. மெத்தையைப் பிரித்துப் பஞ்சை விற்றார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. இப்படி வந்த பணத்திற்கு முதலீடு செய்ய இடம் தேவைப்பட்டது. புதிய வங்கிகள், நிதிச் சங்கங்கள், கடலைத் தூர்த்து நிலம் ஆக்கும் நிறுவனங்கள் எனப் புதிது புதிதாகத் தோன்றின. அவற்றுள் புகழ்பெற்றது பேக் பே நிலமீட்பு நிறுவனம். அது விற்கவிருந்த நிலம் அப்போது இன்னும் கடலுக்கு அடியில்தான் இருந்தது. ஆயினும் 5,000 ரூபாய்ப் பங்கு பல மடங்கு விலைக்குக் கைமாறியது.

வாங்கியவர்கள் எல்லாரும் அறிவிலிகள் அல்லர். பேராசை என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது எளிது; ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. பம்பாயில் பிறந்த பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு எளிய விளக்கம் உண்டு. அடுத்தடுத்து இரண்டு உணவகங்கள் இருக்கின்றன. முதலாவது சற்று நல்லது என்பது பொதுவான எண்ணம். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இரண்டாவதே மேல் என்று தனிப்பட்ட தகவல் கிடைத்துள்ளது. ஆனால் மாறான தகவல் பெற்ற ஒருவர் முதலில் வந்து முதல் உணவகத்துக்குள் நுழைகிறார். அடுத்து வருபவர் அதைப் பார்க்கிறார். அவருடைய தகவலும் முன்னவரின் தகவலும் ஒன்றையொன்று சமன் செய்துவிட, பொது எண்ணப்படி அவரும் முதல் உணவகத்துக்கே போகிறார். மூன்றாமவருக்கு உள்ளே இருவர் இருப்பதுதான் தெரிகிறது. இரண்டாமவர் மனத்தில் இருந்தது தெரிவதில்லை. அவரும் உள்ளே போகிறார். இப்படியே நூறு பேரும் தவறான உணவகத்தில் அமர்கிறார்கள். அவரவர் செய்தது நியாயமே. ஆனால் தொண்ணூற்றொன்பது பேரின் தகவல் வெளியே வராமலே போயிற்று. பிறர் செயலைக் காண முடிகிறது, அதன் காரணத்தைக் காண முடிவதில்லை.

பம்பாயில் பலரும் பார்த்துப் பின்பற்றியவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர். அவர் கைவைத்த பங்கு உயரும் என்பது நகரின் நம்பிக்கை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று எண்ணியே பலர் வாங்கினார்கள்.

ஆனால் உணவக எடுத்துக்காட்டுக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டம் கூடுவதால் அங்கே உணவின் விலை ஏறுவதில்லை. பங்குச் சந்தையில் விலை ஏறும். ஏறிய விலையே பலரை யோசிக்க வைத்து நிறுத்தவேண்டும். பம்பாயில் அது நடக்காததற்குக் காரணம் கடன். 1863-இல் வந்த புதிய சட்டம் பம்பாய் வங்கிக்கு நிறுவனப் பங்குகளின் பேரில் கடன் தரும் வாய்ப்பை விரித்தது. பங்கின் விலை ஏற ஏற, அதை அடகு வைத்து மேலும் கடன் பெறலாம்; அந்தப் பணத்தில் மேலும் பங்கு வாங்கலாம். இதனுடன் தவணை வாணிபமும் சேர்ந்தது. இன்று விலை பேசி, குறித்த நாளில் பணம் கொடுத்துப் பங்கைப் பெறுவது அது. கையில் முழுப் பணம் இல்லாதவரும் வாங்க முடிந்தது.

1865 ஏப்ரலில் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். செய்தி எட்டியதும் பருத்தி விலை விழுந்தது. இப்போது அதே கடன் எதிர்த்திசையில் வேலை செய்தது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 10,000 ரூபாய்ப் பங்கை அடகு வைத்து ஒருவர் 8,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். பங்கு 7,000 ரூபாய்க்கு இறங்கினால் வங்கி பணத்தைக் கேட்கும். பங்கு மீண்டும் ஏறும் என்று அவர் உறுதியாக நம்பினாலும் விற்றே ஆகவேண்டும். அவர் விற்பதால் விலை இன்னும் இறங்கும். 6,000 ரூபாய் கடன் வாங்கிய அடுத்தவருக்கும் அதே நிலை வரும். வாங்கும்போது இருந்த தயக்கமும் தேர்வும் விற்கும்போது இருப்பதில்லை. ஏற்றத்தைவிட வீழ்ச்சி வேகமாக நிகழ்வது இதனால்தான்.

ஏராளமான தவணை ஒப்பந்தங்கள் 1865 ஜூலை 1 அன்று முடிவதாக இருந்தன. அன்று வாங்கியவரால் பணம் கொடுக்க முடியவில்லை. அவரை நம்பி வேறொருவரிடம் வாங்கியிருந்தவராலும் முடியவில்லை. 2,850 ரூபாய் வரை உயர்ந்திருந்த பம்பாய் வங்கியின் பங்கு பின்னர் 87 ரூபாய்க்குத்தான் விலைபோனது. பிரேம்சந்தும் கடனில் மூழ்கினார். அவர் முன்பே பல்கலைக்கழகத்துக்கு அளித்திருந்த கொடையில் எழுந்த, அவருடைய தாயின் பெயர் தாங்கிய ராஜாபாய் கோபுரம் இன்றும் நிற்கிறது. பம்பாய் வங்கி 1868-இல் மூடப்பட்டு, அதே பெயரில் புதிய வங்கி தொடங்கப்பட்டது. எஞ்சிய தரகர்கள் பின்னர் தலால் தெரு எனப் பெயர் பெற்ற தெருவில் கூடி வணிகம் செய்தார்கள். 1875-இல் அவர்கள் அமைத்த சங்கமே இன்றைய மும்பை பங்குச் சந்தை.