டின் இலக்கம் எடுத்தால் வரி வருமா? முதன்முறை விண்ணப்பிக்கும் சம்பளக்காரருக்கு

மாதச் சம்பளம் வாங்கும் நண்பர்களிடம் டின் இலக்கம் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "எடுத்தால் வரி கட்டச் சொல்லுவாங்கள், பேசாமல் இருப்பம்." 2024 ஜனவரி 1 முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிவுசெய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோது தொடங்கிய பயம் இது. அபராதம் பற்றிய செய்திகளும் அந்த நாட்களில் சேர்ந்து பரவின. ஆனால் சம்பளக்காரர் விடயத்தில் இந்தப் பயம் தலைகீழானது. பிடிக்கப்பட வேண்டிய வரி உங்களிடம் இந்த இலக்கம் இல்லாமலேயே பிடிக்கப்படுகிறது. பிடிக்கக்கூடாத வரியைத் தடுப்பதற்கும், பிடித்ததைத் திரும்பக் கேட்பதற்கும்தான் இலக்கம் தேவைப்படுகிறது.

கணக்கோடு பார்த்தால் இது விளங்கும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வருமான வரி இல்லை. மாதத்துக்கு 150,000 ரூபா என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். மாதம் 175,000 ரூபா எடுக்கும் ஒருவருக்கு 25,000 ரூபாவுக்குத்தான் வரி, அதாவது மாதம் 1,500 ரூபா. இதை உங்கள் தொழில்தருநரே சம்பளத்தில் கழித்துத் திணைக்களத்துக்கு அனுப்புகிறார். சம்பளச் சிட்டையில் ஏபிஐடி என்று இருப்பது இதுதான். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காகக் கழிக்கும் 8 வீதத்தை இந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ள முடியாது. படிகளும் சேர்ந்த மொத்தச் சம்பளத்தில்தான் பார்ப்பார்கள். மாதம் 90,000 ரூபா எடுப்பவருக்கு டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளத்தில் வரி பூச்சியம்.

அந்த 90,000 ரூபா சம்பளக்காரரிடம் வங்கியில் 6 இலட்சம் ரூபா நிலையான வைப்பு இருக்கிறது என்று வையுங்கள். ஆண்டு வட்டி 8 வீதம் என்றால் 48,000 ரூபா. 2025 ஏப்ரல் முதல் வங்கி அந்த வட்டியில் 10 வீதத்தை, அதாவது 4,800 ரூபாவை, நிறுத்திவைத்தல் வரியாகப் பிடிக்கும். அவருடைய ஆண்டுச் சம்பளம் 10 இலட்சத்து 80 ஆயிரம். வட்டியைச் சேர்த்தாலும் 11 இலட்சத்து 28 ஆயிரம்தான். 18 இலட்சத்தைத் தொடவில்லை, ஆகவே அவர் கட்டவேண்டிய வரி எதுவுமில்லை. ஆனாலும் 4,800 போய்விடும். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள்தான் என்று வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அந்தப் படிவத்தில் டின் இலக்கத்தை எழுத வேண்டும். ஏற்கெனவே பிடித்ததைத் திருப்பிக் கேட்பதற்கும் இலக்கம் வேண்டும். பெற்றோரின் ஓய்வூதியக் காசையும் வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் காசையும் தன் பெயரில் வைப்பிலிட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இது சின்ன விடயமல்ல.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். விண்ணப்பிக்க முன் ஒரு வேலை இருக்கிறது: உங்களுக்கு ஏற்கெனவே இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தன்னிடமிருந்த தகவல்களை வைத்து, விண்ணப்பிக்காத பலருக்கும் இலக்கம் வழங்கியிருக்கிறது. கடிதம் அடையாள அட்டையில் உள்ள ஊருக்குப் போயிருக்கலாம். வீடு மாறியவர்களுக்கும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களுக்கும் அது கைக்குக் கிடைக்காமலே இருந்திருக்கலாம். திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் e-Services பகுதிக்குப் போய்ப் பார்க்கலாம், அல்லது 1944 என்ற இலக்கத்துக்கு அழைத்து அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

கேட்கும்போது பழைய, புதிய இரண்டு அடையாள அட்டை இலக்கங்களையும் சொல்லிக் கேளுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். புதியதில் 12 இலக்கம். பழையதிலிருந்து புதியதை நீங்களே எழுதிப் பார்க்கலாம்: முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் பெயரில் இரண்டு கோவை திறக்கப்பட்டால் பின்னர் ஒன்றை மூடச் சொல்லி அலையவேண்டி வரும்.

சென்ற ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு விண்ணப்பிக்கக் கூட இருந்து உதவினேன். சொந்த ஊர் முல்லைத்தீவுப் பக்கம், கொழும்பில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை, வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறா. முதன்முறை வேலைக்குப் போகிற நம்மவர் பலருக்கும் வருகிற சிக்கல்கள் மூன்றும் அவவுக்கு வந்தன.

முதலாவது முகவரி. அவ வெள்ளவத்தை முகவரியைப் போட நினைத்தா. இப்போதைய முகவரி அடையாள அட்டையிலிருந்து வேறுபட்டால் அதற்கு ஆதாரம் கேட்பார்கள்: கிராம அலுவலர் சான்றிதழ், மின் அல்லது நீர்க் கட்டணப் பட்டியல் போல ஒன்று. வாடகை அறையில் இருப்பவரின் பெயரில் மின்பட்டியல் எங்கே வரும்? வீட்டுக்காரர் கடிதம் தரவும் தயங்கினார், வாடகை வருமானத்தை யாராவது விசாரிப்பார்களோ என்ற எண்ணம் அவருக்கு. கடைசியில் அட்டையில் உள்ள ஊர் முகவரியையே போட்டோம். ஆதாரத்துக்கு அட்டையே போதும், தபாலில் எது வந்தாலும் அம்மா படம் எடுத்து அனுப்பிவிடுவா. அடிக்கடி அறை மாறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பெயர். இது தமிழர்களுக்கென்றே உள்ள தலையிடி. விண்ணப்பத்தில் பெயரை ஆங்கில எழுத்தில் நிரப்ப வேண்டும். பழைய அட்டைகளில் ஆங்கிலப் பெயர் இல்லை. பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்தாக மட்டும். திருமணமான பெண்களுக்குக் கணவன் பெயரும் சேரும். எதை எடுப்பது? புதிய அட்டையில் ஆங்கிலத்தில் இருந்தால் அதை எழுத்துப் பிசகாமல் எடுங்கள். இல்லாவிட்டால் சம்பளக் கோவையிலும் வங்கிக் கணக்கிலும் பொதுவாக இருக்கும் வடிவத்தை எடுங்கள், ஏனென்றால் நாளை இந்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுவது அவை இரண்டும்தான். அந்தத் தங்கச்சியின் சம்பளக் கோவையில் பழைய அட்டை இலக்கமும், கையில் புதிய அட்டையும் இருந்தன. அலுவலகத்தில் முதலில் அதைத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பித்தோம்.

மூன்றாவது மின்னஞ்சல். அவ முதலில் போனது ஒரு தொடர்பாடல் நிலையத்துக்கு. அங்கே கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டு, தொலைபேசி இலக்கத்தையும் தங்களுடையதாகவே போட்டு நிரப்பத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல வேளையாக அனுப்ப முன் எழுந்து வந்துவிட்டா. இலக்கம் கிடைத்த பிறகு e-Services கணக்குக்குள் நுழைய ஒரு கடவு இலக்கம் தருவார்கள், திணைக்களம் உங்களைத் தொடர்புகொள்வதும் நீங்கள் கொடுத்த தொடர்பு விபரங்களின் வழியாகத்தான். அது கடைக்காரரிடம் போனால் உங்கள் வரிக் கோவையின் திறப்பு அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். தட்டச்சுக்குக் கடைக்குக் காசு கொடுப்பது வேறு. இலக்கத்துக்கென்று திணைக்களம் கட்டணம் எதுவும் எடுப்பதில்லை.

இவை மூன்றும் சரியாக இருந்தால் மிச்ச வேலை சுருக்கம். அடையாள அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறையோடு எடுத்தால் வெளிச்சம் பட்டு எழுத்து மறையும், உறையைக் கழற்றிவிட்டு எடுங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும். அனுப்பிய பிறகு திரையில் வரும் தொடர்பிலக்கத்தைப் படமாக எடுத்து வையுங்கள். 1944இல் விசாரிக்கும்போது அது உதவும். இணையம் சரிவராதவர்கள் கொழும்பு 2 சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள தலைமையகத்துக்கோ யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற பிராந்திய அலுவலகங்களுக்கோ அட்டையையும் பிரதியையும் கொண்டு நேரே போகலாம்.

கைக்கு வருவது 9 இலக்கங்கள் கொண்ட ஒரு எண். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் தொடர்பில்லை. வேலை மாறினால் அங்கத்துவ இலக்கம் மாறும், இது மாறாது.

இலக்கம் வந்த கையோடு அதை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு விட வேண்டாம். சம்பளத்தில் வரி கழிக்கப்படுகிறவர்களுக்கு இது முக்கியம். தொழில்தருநர் ஒவ்வொரு ஊழியரிடமும் கழித்த தொகையை ஆண்டறிக்கையில் காட்டுகிறார். அதில் உங்கள் இலக்கம் ஒரு இடத்தில் பிசகினாலும் கட்டிய காசு உங்கள் கணக்கில் வராமல் தொங்கும். கட்டாதவர் போலத் திணைக்களத்தின் கணினி உங்களைக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அது முடிந்ததும் டி10 எனப்படும் கழிப்பனவுச் சான்றிதழை அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அதிலுள்ள இலக்கத்தையும் மொத்தத் தொகையையும் உங்கள் பன்னிரண்டு சம்பளச் சிட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். பழைய இடத்தில் கேட்பதற்கு வேலையை விடுகிற வாரம்தான் நல்ல நேரம். பிறகு கேட்டால் கணக்குப் பிரிவில் யாரும் உங்களை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தங்கச்சி மாதம் ஒன்றரை இலட்சத்துக்குள்தான் எடுக்கிறா, அதனால் டி10 பற்றிய கவலை அவவுக்கு இப்போதைக்கு இல்லை. இலக்கம் வந்த வாரமே வங்கியில் சுயபிரகடனத்தைக் கொடுத்துவிட்டா. அடுத்த மதிப்பீட்டு ஆண்டு தொடங்கும்போது மறுபடி கொடுக்க வேண்டும் என்று தொலைபேசி நாட்காட்டியில் ஏப்ரல் முதல் வாரத்துக்குக் குறித்தும் வைத்திருக்கிறா.