'உங்க சுவர்' என்று எழுதலாமா? பக்கத்து வீட்டுக்காரருக்கு காம்பவுண்டு சுவர் பற்றிக் கடிதம் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பெங்களூரு தொம்மலூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் உங்கள் வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடி கட்டுகிறார்கள். நடுவில் இருக்கும் காம்பவுண்டு சுவரை ஒட்டி எம்-சாண்ட் கொட்டியிருக்கிறார்கள். சுவர் உங்கள் பக்கம் சாயத் தொடங்கியிருக்கிறது. மழைக்காலம் வேறு நெருங்குகிறது.

தினமும் முகம் பார்க்கும் மனிதரிடம் சண்டை போட முடியாது, சும்மாவும் இருக்க முடியாது. அதனால் ஒரு கடிதம் எழுத உட்காருகிறீர்கள். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள்:

"வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கவும். உங்க காம்பவுண்டு சுவர் ஓரமா மணல் கொட்டியிருக்காங்க. சுவர் கொஞ்சம் சாஞ்ச மாதிரி தெரியுது. பழைய சுவர்தான், உங்களைக் குறை சொல்லலை. முடிஞ்சா, நேரம் கிடைக்கும்போது பாருங்க. இல்லைன்னா நாங்க சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்."

மரியாதையான கடிதம்தானே, இதில் என்ன தவறு? மரியாதையில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அந்த மரியாதை, இருக்கக் கூடாத இடங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது.

'உங்க சுவர்' என்ற இரண்டு சொற்கள்

பேச்சுவழக்கில் 'உங்க சுவர்' என்பது சாதாரணம். எழுத்தில் அது வேறு. சுவர் அவருடையது என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். இப்படிப்பட்ட வாக்கியம் சாட்சியச் சட்டத்தில் 'ஒப்புதல்' எனப்படும். 1872-ம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இருக்கிறது. அது முடிவான ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் அது ஏன் தவறு என்று விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1890-களில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த கனகய்யா - நரசிம்முலு வழக்கைப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு பொதுச்சுவர். ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் அதை உயர்த்தினார். இருவரும் சுவரின் கூட்டு உரிமையாளர்கள் என்பதால், உயர்த்திய பகுதியை அகற்றக் கோரும் உரிமை மற்றவருக்கு உண்டு என்பது தீர்ப்பு. அந்த உரிமை, சுவர் பொதுவானது என்பதால் வந்தது. 'உங்க சுவர்' என்று எழுதினால் உங்கள் வாதத்தின் அடித்தளத்தையே நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள்.

எனவே எழுதும் முன் கிரயப் பத்திரத்தை எடுங்கள். கர்நாடகத்தில் 'செக்குபந்தி' என்று சொல்லும் நான்கு எல்லை விவரம் அதில் இருக்கும். மனையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்தால், சுவர் எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறதா, ஒருவருடைய மனைக்குள் நிற்கிறதா என்று ஓரளவு தெரியும். உறுதியாகத் தெரிந்தால் 'நம் பொதுச்சுவர்' என்று எழுதலாம். சந்தேகம் இருந்தால் 'நம் இரு மனைகளுக்கும் நடுவில் உள்ள சுவர்' என்று எழுதுங்கள். அது யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்காத, யாரையும் புண்படுத்தாத சொற்றொடர்.

நீங்கள் வாடகைக்கு இருந்தால் கடிதம் வீட்டு உரிமையாளர் பெயரில் போவதுதான் சரி.

'கொஞ்சம் சாஞ்ச மாதிரி' போதாது

'மாதிரி' என்று எழுதினால், "எனக்கு அப்படித் தெரியலையே" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடலாம். ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, சுவரின் உச்சியிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் எவ்வளவு வித்தியாசப்படுகிறதோ அதுதான் சாய்வு. நான்கைந்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். பழைய சுவர் பல வருடமாகவே ஒரு அங்குலம் சாய்ந்து நின்றிருக்கலாம். அளவு கூடிக்கொண்டே போனால்தான் இப்போது ஏதோ அதைத் தள்ளுகிறது என்று அர்த்தம். விரிசலுக்கும் இதே முறைதான்: விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

காம்பவுண்டு சுவர் மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவது இல்லை. ஓரமாகக் குவித்த மணல் பக்கவாட்டில் தள்ளும், மழையில் நனைந்தால் இன்னும் அதிகமாகத் தள்ளும். சாய்வு நாளுக்கு நாள் கூடினால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே நேரில் சொல்லிவிட்டு, சுவரோரம் வண்டி நிறுத்துவதையும் பிள்ளைகள் விளையாடுவதையும் தவிருங்கள்.

மீதி மூன்று வரிகள்

'உங்களைக் குறை சொல்லலை' என்பது நல்லெண்ணத்தில் எழுதியது. ஆனால் சேதத்துக்கு அவர் பொறுப்பில்லை என்று படிக்க அது இடம் தருகிறது. பொறுப்பைப் பற்றி இப்போது பேசாமல் தள்ளிவைப்பது வேறு, கைகழுவுவது வேறு.

'நேரம் கிடைக்கும்போது' என்பதில் தேதி இல்லை. தேதி இல்லாத கோரிக்கையை யாரும் மறுக்கவே வேண்டாம், தள்ளிப்போட்டாலே போதும். இங்கிலாந்தில் இதற்கென 1996-ல் தனிச் சட்டமே வந்தது. பொதுச்சுவரில் கைவைக்க இரண்டு மாதம் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், பதில் சொல்ல 14 நாள் உண்டு. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. அதனால் காலக்கெடுவை உங்கள் கடிதம்தான் வைக்க வேண்டும்.

கடைசி வரி மிரட்டல். 'மன்னிக்கவும்' என்று தொடங்கி மிரட்டலில் முடியும் கடிதத்தில் படிப்பவர் மனதில் நிற்பது மிரட்டல் மட்டும்தான். முதல் கடிதத்துக்கு அது வேண்டாம்.

திருத்திய கடிதம்

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். உங்கள் வீட்டு வேலை நல்லபடியாக நடக்கிறது என்று நம்புகிறேன். நம் இரு மனைகளுக்கும் நடுவில் உள்ள சுவரைப் பற்றி இதை எழுதுகிறேன்.

மே 2 அன்று உங்கள் பக்கம் சுவரை ஒட்டி சுமார் மூன்றடி உயரத்துக்கு மணல் கொட்டப்பட்டது. மே 5 அன்று அளந்தபோது சுவர் எங்கள் பக்கம் ஒரு அங்குலம் சாய்ந்திருந்தது. மே 10 அன்று அது ஒன்றரை அங்குலம். படங்களை இணைத்திருக்கிறேன்.

மே 14-க்குள் மணலைச் சுவரிலிருந்து தள்ளி மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த வார இறுதியில் உங்கள் இன்ஜினீயரும் எங்கள் மேஸ்திரியும் சேர்ந்து சுவரைப் பார்க்கட்டும். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள். அதுவரை சுவரை இடிக்கவோ உயர்த்தவோ வேண்டாம். சீர்செய்யும் செலவு பற்றி அதன் பிறகு பேசிக்கொள்வோம். அதில் எங்கள் உரிமை எதையும் இந்தக் கடிதத்தால் விட்டுக்கொடுக்கவில்லை."

இதில் 'மன்னிக்கவும்' இல்லை, 'நடவடிக்கை'யும் இல்லை. அவரைப் பற்றிய வரிகள் கனிவாக இருக்கின்றன. சுவரைப் பற்றிய வரிகளில் அளவும் தேதியும் மட்டும்தான்.

எப்படிக் கொடுப்பது, பதில் வராவிட்டால்?

முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். எதுவும் சொல்லாமல் தபாலில் கடிதம் வந்தால் எவருக்கும் கோபம் வரும். பிறகு கடிதத்தைக் கையில் கொடுத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கப் பாருங்கள். தயங்கினால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கெடு தாண்டினால் இரண்டு கதவுகள் உண்டு. விழும் நிலையில் உள்ள சுவர், பிளான் மீறிய கட்டுமானம் போன்றவற்றுக்கு மாநகராட்சியிடம் போகலாம். பெங்களூரில் 2025 செப்டம்பர் முதல் பிபிஎம்பி-க்குப் பதில் ஐந்து மாநகராட்சிகள் இருக்கின்றன. சுவர் யாருடையது, செலவு யாருடையது என்பதை மாநகராட்சி தீர்க்காது. அதற்கு சிவில் நீதிமன்றம்தான். அங்கே போகும் நாளில் வக்கீல் முதலில் கேட்பது, "அவருக்கு எழுத்துல ஏதாவது கொடுத்தீங்களா?" என்பதாகத்தான் இருக்கும். அப்போது நீங்கள் நீட்டும் தாளில் 'உங்க சுவர்' என்று இருக்கக் கூடாது.